கேமரா காட்டும் நேரம் தவறா? புகார் எழுதும் முன் வித்தியாசத்தைக் கணக்கிடும் முறை

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த ஒரு பைக் 9ஆம் தேதி அதிகாலையில் காணாமல் போனது. கேமரா பதிவில் ஆள் வருவது, பூட்டை உடைப்பது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் பதிவாகியிருந்தன. திரையின் மூலையில் 02:47:20 என்று இருந்தது. வண்டிக்காரர் அதையே புகாரில் எழுதினார். தெருமுனைக் கட்டடத்தின் கேட்டில் ஒரு கேமரா உண்டு. அங்கே போய் 02:40 முதல் 02:55 வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு நாய்கூடக் கடக்கவில்லை. "அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை போல" என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

வந்திருந்தான். எங்கள் ரெக்கார்டரின் கடிகாரம் ஏறக்குறைய 12 நிமிடம் முந்திப் போயிருந்தது, அவ்வளவுதான். 12ஆம் தேதி மாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோதுதான் அது தெரிந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டோம், புகாரில் எப்படி எழுதினோம், கடிகாரத்தை எப்போது சரிசெய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கேமரா வேலையில் பழக்கமே இல்லாதவர்களும் செய்யலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் கடிகாரத்தைத் தொடாதீர்கள்

நேரம் தவறு என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். செட்டிங்ஸுக்குள் போய்ச் சரியான நேரத்தை வைத்துவிடத் தோன்றும். அன்று எங்கள் சங்கச் செயலாளரும் மவுஸை எடுத்துவிட்டார். "ஐயா, ஒரு நிமிஷம் பொறுங்க" என்று கையைப் பிடிக்காத குறைதான்.

ஏற்கெனவே பதிவான காட்சியில் இருக்கும் நேரம், இப்போது கடிகாரத்தை மாற்றுவதால் மாறாது. அது படத்தோடு படமாகப் பதிந்துவிட்டது. இப்போது மாற்றினால் தொலைந்துபோவது, அந்தக் கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடியது என்பதற்கான ஒரே நேரடிச் சாட்சி. நாளை யாராவது "12 நிமிடம் முந்தியிருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முந்திப் போன கடிகாரத்தைப் பின்னால் இழுத்தால், அதே 12 நிமிடம் ரெக்கார்டரில் இரண்டு முறை வரும். சில ரெக்கார்டர்கள் தேடும்போது அதில் ஒன்றை மட்டும் காட்டும், சில இரண்டையும் கலந்துவிடும். கடிகாரம் 2000ஆம் ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்து, அதை இன்றைய தேதிக்குத் தள்ளினால் நிலைமை இன்னும் மோசம். 'இத்தனை நாளுக்கு மேல் பழையதை அழி' என்று அமைத்திருக்கும் ரெக்கார்டர், உங்களுக்கு வேண்டிய பதிவையே இருபது வருடப் பழசு என்று நினைத்து அழித்துவிட வாய்ப்புண்டு.

அதனால் முதல் வேலை, சம்பவப் பதிவைப் பென்டிரைவில் எடுத்து வைப்பது. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நேரத்தில் சந்தேகம் இருப்பதால் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரமாவது சேர்த்து எடுங்கள். இரண்டாவது வேலை, வித்தியாசத்தை அளப்பது. கடிகாரத்தைத் திருத்துவது கடைசி வேலை.

எந்தக் கடிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோஆக்ஸ் கேபிளில் ஓடும் பழைய வகை கேமராக்கள் டிவிஆர் என்ற வகை ரெக்கார்டரோடு இணைந்திருந்தால், பொதுவாகக் கடிகாரம் ஒன்றுதான். டிவிஆர்தான் எல்லாப் படங்களிலும் நேரத்தை எழுதுகிறது. ஒரு கேமராவில் அளந்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எங்களுடையது இந்த வகை.

நெட்வொர்க் கேபிளிலோ வைஃபையிலோ ஓடும் ஐபி கேமராக்கள் என்றால் ஒவ்வொரு கேமராவுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. படத்தின் மேல் தெரிவது கேமராவின் நேரம். இந்தக் கேமராக்களுக்கான ரெக்கார்டர் என்விஆர், அதில் தேதி நேரம் கொடுத்துத் தேடும்போது வருவது என்விஆரின் நேரம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே ஓடும் நேரக்கோட்டில் 10:15 என்று நிறுத்தினால் படத்தின் மூலையில் 10:11 என்று இருக்கும். இப்படி இருந்தால் ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எந்த நேரத்தை அளந்தீர்கள், படத்தின் மேலிருப்பதையா நேரக்கோட்டையா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். புகாருக்குப் படத்தின் மேலிருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. பதிவு எங்கே போனாலும் கூடவே போவது அதுதான்.

வித்தியாசத்தை அளப்பது

இதற்கு ஒரு நம்பகமான நேரம் வேண்டும். கைக்கடிகாரம் வேண்டாம், சுவர்க்கடிகாரம் வேண்டவே வேண்டாம். கைபேசியில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்து, பிரவுசரில் `time.is` என்ற தளத்தைத் திறங்கள். நொடியோடு பெரிய எழுத்தில் நேரம் தெரியும். உங்கள் கைபேசிக் கடிகாரம் எத்தனை நொடி முன்பின் இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும்.

விண்டோஸ் கணினி இருந்தால் `Command Prompt` திறந்து, இதைத் தட்டச்சு செய்தும் பார்க்கலாம்:

```
w32tm /stripchart /computer:pool.ntp.org /samples:5 /dataonly
```

தலைப்பு வரிகளுக்குக் கீழே ஐந்து வரிகள் வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் இருக்கும் எண், உங்கள் கணினிக்கும் நேரச் சேவையகத்துக்கும் உள்ள வித்தியாசம், நொடிக்கணக்கில். அது அரை நொடிக்குள் இருந்தால் அந்தக் கணினியின் கடிகாரத்தை நம்பி அளக்கலாம்.

இப்போது அளவு. பலரும் செய்வது, ஒரு கையில் கைபேசியை வைத்துக்கொண்டு நேரலைப் படத்தோடு ஒப்பிடுவது. அதில் ஒரு சிறு பொறி இருக்கிறது. ஐபி கேமராவின் நேரலை திரைக்கு வந்துசேர ஓரிரு நொடி ஆகும், செயலி வழியாகப் பார்த்தால் இன்னும் கூடும். நீங்கள் பார்ப்பது கடந்துபோன நொடி. அதனால் கேமராக் கடிகாரம் உண்மையைவிடப் பிந்தி ஓடுவதுபோலத் தோன்றும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, கைபேசியையே கேமராவின் முன் பிடிப்பது. `time.is` திறந்த திரையைக் கேமராவுக்குக் காட்டி அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பிறகு ரெக்கார்டரில் அந்தப் பதிவை ஓட்டி நிறுத்துங்கள். ஒரே படத்தில் கைபேசியின் நேரமும் இருக்கும், கேமராவின் நேரமும் இருக்கும். தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பதிவையும் பென்டிரைவில் சேர்த்துவிடுங்கள். இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கைபேசித் திரை கேமராவில் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். கேமரா இருட்டில் கறுப்பு வெள்ளைக்கு மாறியிருக்கும்போது இந்தத் தொல்லை அதிகம், பகலில் அளந்தால் மிச்சம். கேமரா எட்டாத உயரத்தில் இருந்தால் ரெக்கார்டரோடு நேரடியாக இணைந்த மானிட்டரையும் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னொரு கைபேசியால் ஒரே படமாக எடுங்கள். ஓரிரு நொடி பிசகலாம், பரவாயில்லை.

நேரத்தைப் பார்க்கும்போது தேதியையும் பாருங்கள். நிமிடத்தில் கவனமாக இருந்துவிட்டு நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. 03-04 என்றால் மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த அளவு இது: 12ஆம் தேதி உண்மை நேரம் 18:05:00 ஆக இருந்தபோது ரெக்கார்டர் 18:16:42 காட்டியது. 11 நிமிடம் 42 நொடி முந்தியிருக்கிறது.

கூட்டுவதா, கழிப்பதா

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கேமராக் கடிகாரம் முந்தியிருந்தால், அது காட்டிய நேரத்தில் இருந்து கழிக்க வேண்டும். பிந்தியிருந்தால் கூட்ட வேண்டும். சூத்திரமாக எழுதிவைத்தால் குழப்பம் வராது:

```
வித்தியாசம் = கேமரா நேரம் − உண்மை நேரம்
உண்மை நேரம் = கேமரா நேரம் − வித்தியாசம்
```

வித்தியாசம் மைனஸில் வந்தால் கடிகாரம் பிந்தியிருக்கிறது என்று பொருள், கழிக்கும்போது தானே கூட்டலாகிவிடும்.

சந்தேகம் இருந்தால், சற்று முன் கைபேசியைக் காட்டி எடுத்த அந்தப் பதிவில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரெக்கார்டர் காட்டியது 18:16:42. கழித்தால் 18:05:00, கைபேசியில் இருந்ததும் அதுவே. கூட்டியிருந்தால் 18:28:24 வரும், பொய் என்று உடனே தெரிந்துவிடும். தலைகீழாகச் செய்தால் தவறு இரட்டிப்பாகும். 12 நிமிடத் தவறு 23 நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

நள்ளிரவை ஒட்டிய சம்பவம் என்றால் தேதியும் மாறலாம். எங்கள் ரெக்கார்டரில் 9ஆம் தேதி 00:05 என்று இருக்கும் காட்சி, உண்மையில் 8ஆம் தேதி இரவு நடந்தது.

அன்றும் இதே வித்தியாசம்தானா?

நாங்கள் அளந்தது 12ஆம் தேதி மாலை. சம்பவம் 9ஆம் தேதி அதிகாலை. இடையில் மூன்றரை நாளுக்கு மேல் ஓடிவிட்டது. தவறாக ஓடும் கடிகாரம் அந்த மூன்றரை நாளும் சேர்த்துத்தானே தவறாக ஓடியிருக்கும்?

ரெக்கார்டருக்குள் நேரத்தைக் கணக்கு வைப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிரும். அது பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாகவோ மெதுவாகவோ அதிர்வது சகஜம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு நாளுக்கு 1.7 நொடி, ஒரு வருடத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த வேகமும் கொஞ்சம் மாறும். யாரும் தொடாத, இணையத்தோடு சேராத ரெக்கார்டர்கள் இப்படித்தான் நாளுக்குக் கொஞ்சமாக நழுவுகின்றன.

எவ்வளவு நழுவுகிறது என்பதை அறிய மறுநாளும் அளந்தால் போதும். 13ஆம் தேதி அதே 18:05:00க்கு எங்கள் ரெக்கார்டர் 18:16:44 காட்டியது. ஒரு நாளில் 2 நொடி கூடியிருக்கிறது. சம்பவத்தில் இருந்து முதல் அளவு வரை சுமார் 3.65 நாள். 2 நொடியால் பெருக்கினால் 7 நொடி. ஆக, சம்பவத்தின்போது வித்தியாசம் 11:42 அல்ல, 11:35.

02:47:20இல் இருந்து 11:35ஐக் கழித்தால் 02:35:45.

ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இந்த அளவு அப்படியொன்றும் துல்லியமானதல்ல. ஒவ்வொரு முறையும் அரை நொடி முன்பின் படித்திருக்கலாம், 2 நொடி என்பது 1 ஆகவோ 3 ஆகவோ இருக்கலாம். அப்படியே இருந்தாலும் விடையில் நாலு நொடிக்கு மேல் பிசகாது. ஒரு வாரம் விட்டு அளந்தால் இன்னும் நன்றாக வரும், ஆனால் புகார் ஒரு வாரம் காத்திருக்காது. 'ஏறக்குறைய 10 நொடி முன்பின்' என்று சேர்த்து எழுதினால் நேர்மையாக இருக்கும்.

இன்னொரு வகையிலும் இந்த 2 நொடியைச் சோதித்தோம். 11 நிமிடம் 42 நொடி என்பது 702 நொடி. நாளுக்கு 2 நொடி என்றால் 351 நாள். ரெக்கார்டரைப் பொருத்தி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. பொருத்தியவர் அன்று நேரத்தைச் சரியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கதை ஒத்துப்போகிறது.

சம்பவம் நேற்றோ இன்றோ என்றால் இந்த நழுவல் கணக்கே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முந்தைய பதிவு என்றால் கட்டாயம் வேண்டும்.

இடையில் கடிகாரம் குதித்திருந்தால்

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: சம்பவத்துக்கும் அளவுக்கும் இடையில் யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை, அது தானாகவும் குதிக்கவில்லை. இதை உறுதிசெய்யாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண்.

ரெக்கார்டரின் மெனுவில் `Log` என்ற பகுதி இருக்கும். எப்போது மின்சாரம் போய் வந்தது, யார் உள்ளே நுழைந்தார்கள், எப்போது நேரம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் வரிசையாக இருக்கும். சம்பவ நாள் முதல் இன்று வரை ஓட்டிப் பாருங்கள். நேரம் மாற்றிய வரி எதுவும் இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்தப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

மீதிக் கவலைக்கு, சம்பவ நேரத்தை ஒட்டி நடந்த வேறொரு நிகழ்வு வேண்டும். அதன் உண்மை நேரம் வேறு எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். கைபேசி அழைப்புப் பட்டியல், பணம் செலுத்திய குறுஞ்செய்தி, பார்சல் வந்துசேர்ந்த அறிவிப்பு, எதுவானாலும் சரி. அன்று காவலாளிதான் யோசித்துச் சொன்னார்: "8ஆம் தேதி ராத்திரி மூணாவது மாடிக்கு ஒரு பார்சல் வந்துச்சு சார், பார்க்கிங்லதான் கொடுத்துட்டுப் போனாங்க." அந்த வீட்டுக்காரரின் கைபேசியில் அறிவிப்பு வந்த நேரம் 21:14. பதிவில் பார்சல் கை மாறுவது 21:26:10. அதில் 11:35ஐக் கழித்தால் 21:14:35. சம்பவத்துக்குச் சில மணி நேரம் முன்பும் கடிகாரம் இதே அளவு முந்தியிருந்தது என்பது உறுதியாயிற்று. அறிவிப்பு நிமிடக் கணக்கில்தான் இருக்கும் என்பதால் நொடிகளை இதனால் திருத்த முடியாது. குதித்ததா இல்லையா என்று சொல்ல அது போதும்.

மின்சாரம் போனால் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் பல ரெக்கார்டர்கள் ஏதோ ஒரு பழைய தேதியில் இருந்து, 2000 ஜனவரி 1 போல, மறுபடி எண்ணத் தொடங்கும். இப்படிப்பட்ட ரெக்கார்டரில் இன்று அளந்த வித்தியாசம், கடைசியாக மின்சாரம் வந்ததற்குப் பிந்தைய பதிவுகளுக்கு மட்டுமே செல்லும்.

ஓர் உதாரணம். இப்போது உண்மை நேரம் காலை 10:00. ரெக்கார்டர் 2000 ஜனவரி 3, 06:00 காட்டுகிறது. ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கியது என்றால் 54 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதாவது நேற்று முன்தினம் அதிகாலை 4 மணிக்கு மின்சாரம் வந்திருக்கிறது. உங்கள் சம்பவம் அதற்குப் பிறகு நடந்தது என்றால் வழக்கமான கணக்கே சரி. அதற்கு முன் என்றால் இன்றைய வித்தியாசம் பயன்படாது. சம்பவத்துக்கு முன் எப்போது மின்சாரம் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது பார்சல் போன்ற ஒரு நிகழ்வில் இருந்து அந்தக் காலத்துக்கான வித்தியாசத்தைத் தனியாக எடுக்க வேண்டும். ஜனவரி 1, 00:20 என்ற நேரத்தில் இரண்டு மூன்று வெவ்வேறு பதிவுகள் இருப்பதைப் பார்த்தால் பேட்டரிக் கதை என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

வித்தியாசத்தின் அளவே சில சமயம் காரணத்தைச் சொல்லிவிடும். மிகச் சரியாக 12 மணி நேரம் என்றால் நேரத்தை வைத்தவர் காலை மாலையை மாற்றி வைத்திருக்கிறார். மிகச் சரியாக ஒரு மணி நேரமோ, இரண்டரை மணி நேரமோ என்றால் நேர மண்டலம் தவறு, அல்லது கோடைகால நேர மாற்றம் தேவையில்லாமல் ஓடுகிறது. எங்களுடையது போல 11:42 என்று வந்தால் நழுவல்.

புகாரில் எப்படி எழுதுவது

இரண்டு நேரத்தையும் எழுத வேண்டும். உண்மை நேரத்தை மட்டும் எழுதினால், பதிவைத் திறந்து பார்ப்பவர் திரையில் வேறு நேரத்தைக் கண்டு குழம்புவார். கேமரா நேரத்தை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதைத்தான் தெருமுனையில் பார்த்தோமே. நாங்கள் திருத்தி எழுதியது இப்படி இருந்தது:

> கேமரா 2இன் பதிவில் சம்பவம் 9ஆம் தேதி 02:47:20 என்ற நேரத்தில் தெரிகிறது. ரெக்கார்டரின் கடிகாரம் உண்மை நேரத்தைவிட முந்தி ஓடியது. 12ஆம் தேதி 18:05:00 மணிக்கு இணைய நேரத்தோடு ஒப்பிட்டபோது 11 நிமிடம் 42 நொடி முந்தியிருந்தது. நாளுக்குச் சுமார் 2 நொடி நழுவுவதைக் கணக்கில் கொண்டால், சம்பவம் நடந்த உண்மை நேரம் 02:35:45, ஏறக்குறைய 10 நொடி முன்பின். ஒப்பிட்ட பதிவும் படமும் இணைப்பில் உள்ளன. கடிகாரம் இன்னும் திருத்தப்படவில்லை.

அளந்தவர் பெயரையும் கீழே சேர்த்தோம். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி தெருமுனைக்குப் போனார்கள். அந்த கேட் கேமரா இணையத்தில் இருந்து நேரத்தை எடுப்பது, அதையும் கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், நொடி பிசகவில்லை. 02:36:10க்கு அதே பைக், அதே ஆள். எங்கள் பார்க்கிங்கில் இருந்து தள்ளிக்கொண்டு அங்கே போக ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அக்கம்பக்கத்தில் பதிவு கேட்கும்போது அவர்களுடைய கடிகாரத்தையும் அங்கேயே அளந்துவிடுவது நல்லது. இரண்டு தவறான கடிகாரங்களை ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை.

பதிவின் மேலிருக்கும் நேரத்தை மறைத்துச் சரியான நேரத்தை எழுதித் தருகிறேன் என்று யாராவது வீடியோ எடிட்டிங் தெரிந்தவர் முன்வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். திருத்திய வீடியோ என்றாகிவிட்டால் அதன் மற்ற பகுதிகள் மேலும் சந்தேகம் வரும். கைபேசியால் மானிட்டரைப் படமெடுத்த வீடியோவை மட்டும் கொடுப்பதும் போதாது. ரெக்கார்டர் தன் சொந்த வடிவத்தில் தரும் கோப்பையே கொடுங்கள், கூடவே அதை ஓட்டும் பிளேயரையும் தந்தால் அதையும் சேருங்கள். எளிதாகப் பார்க்க எம்பி4 பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். கோப்பை விண்டோஸில் வலச்சொடுக்கிப் பார்த்தால் வரும் தேதி, பெரும்பாலும் நீங்கள் பென்டிரைவில் எடுத்த நேரம்தான். அதைச் சம்பவ நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொடுக்கும் முன், அதே `Command Prompt` வழியாகக் கோப்பின் கைரேகையை எடுத்து வைக்கலாம்:

```
certutil -hashfile D:\parking_cam2.dav SHA256
```

வரும் நீண்ட எழுத்துச் சரத்தைப் புகாரோடு குறித்துக்கொண்டால், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் தெரிந்துவிடும்.

இனி கடிகாரத்தைத் திருத்தலாம்

பதிவு எடுத்தாயிற்று, அளவு எடுத்தாயிற்று, புகாரும் போயிற்று. பதிவைக் கேட்பவர்கள் ரெக்கார்டரையே வந்து பார்க்க விரும்பினால் அதுவரை பொறுங்கள். இல்லையென்றால் இப்போது மவுஸைச் செயலாளரிடம் கொடுக்கலாம்.

முதலில் `Time Zone`. இதைச் சரியாக வைக்காமல் மற்றதைத் தொட்டால், இணைய நேரம் வந்த பிறகும் சில மணி நேரம் தள்ளியே காட்டும். வாங்கியபோது தயாரித்த நாட்டின் நேர மண்டலமே இருந்தது, யாரும் மாற்றவில்லை என்பது அடிக்கடி பார்ப்பது. உங்கள் நாட்டில் கோடைகால நேர மாற்றம் இல்லையென்றால் `DST` என்பதை அணைத்துவிடுங்கள்.

அடுத்து `NTP`. இணையத்தில் இருந்து நேரத்தை எடுத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு இது. அதை இயக்கி, சேவையகத்தின் இடத்தில் `pool.ntp.org` என்றும், போர்ட் 123 என்றும் கொடுங்கள். இடைவெளியை 60 நிமிடம் என்று வைக்கலாம். இயக்கியும் நேரம் மாறவில்லை என்றால், பல சமயம் குற்றவாளி நெட்வொர்க் பகுதியில் காலியாகக் கிடக்கும் `DNS`. பெயரைக் கொண்டு சேவையகத்தைத் தேட அது வேண்டும். `Test` என்ற பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் வேண்டுமென்றே நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளி வைத்து, தானாகத் திரும்புகிறதா என்று பார்க்கலாம். இதைப் பகலில், யாராவது நேரில் காவலுக்கு இருக்கும்போது செய்யுங்கள், அந்த ஐந்து நிமிடப் பதிவு குழம்பும்.

ஐபி கேமராக்கள் இருந்தால் என்விஆரைத் திருத்தியதோடு வேலை முடியாது. என்விஆர் தன் நேரத்தைக் கேமராக்களுக்குத் தானே அனுப்பும்படி ஒரு தேர்வு சிலவற்றில் உண்டு. கேமராவும் என்விஆரும் வேறு வேறு நிறுவனத்தினுடையது என்றால் அது வேலை செய்யாமல் போகலாம். அப்போது ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் போய்த் தனித்தனியாக `NTP` வைக்க வேண்டும். மின்சாரம் போனால் நேரம் குதிக்கும் ரெக்கார்டருக்குப் பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள்.

எங்கள் ரெக்கார்டருக்கு இணையமே கிடையாது. அதனால் கையாலேயே நேரத்தை வைத்தோம். பழைய நேரம், புதிய நேரம், தேதி மூன்றையும் ரெக்கார்டர் பெட்டியின் உள்கதவில் ஒட்டிய தாளில் எழுதினோம். திருத்துவதற்கு முந்தைய பதிவை யாராவது பின்னால் கேட்டால் வித்தியாசம் எவ்வளவு என்பது அங்கே இருக்கும். நாளுக்கு 2 நொடி என்பதால் மாதத்துக்கு ஒரு நிமிடம் போகும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காவலாளி கைபேசியைக் கேமராவின் முன் அரை நிமிடம் பிடித்துவிட்டு, வித்தியாசத்தை அந்தத் தாளில் அடுத்த வரியில் எழுதுகிறார். இதுவரை நாலு வரி இருக்கிறது: 36 நொடி, 98 நொடி, திருத்திய பிறகு 58 நொடி, பிறகு 121 நொடி. இரண்டு நிமிடத்தைத் தொட்டால்தான் கடிகாரத்தைத் திருத்துவது என்று வைத்திருக்கிறோம், மூன்றாம் மாதம் மட்டும் செயலாளர் பொறுக்க முடியாமல் முன்னதாகவே திருத்திவிட்டார்.